ரவுட்டரை மாற்றியதும் ஃபைபர் இணையம் நின்றுவிட்டதா? விலேன் எண்ணைப் பாருங்கள்

புது ரவுட்டர் வாங்கியாயிற்று. பழையதில் இருந்த கேபிளைக் கழற்றிப் புதியதில் செருகியாயிற்று. பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்து மாறாமல் கொடுத்தாயிற்று. சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டியில் விளக்குகள் எல்லாம் வழக்கம்போலப் பச்சையாக எரிகின்றன. ஆனாலும் இணையம் வரவில்லை. பழைய ரவுட்டரைத் திரும்ப மாட்டினால் அடுத்த நிமிடமே வந்துவிடுகிறது.

இப்படி நடந்தால் எல்லோரும் புது ரவுட்டரைத்தான் சந்தேகப்படுவார்கள். கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்கி வந்து, அதிலும் இதே நிலைமையைப் பார்த்துத் திகைப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் ரவுட்டரில் ஒரு குறையும் இருக்காது. பழைய ரவுட்டரின் அமைப்புகளுக்குள் ஒரு சின்ன எண் பதிந்திருந்தது. புதியதில் அது இல்லை. இணைப்பு கொடுக்க வந்தவர் அதைப் போட்டுவிட்டுப் போயிருப்பார், அல்லது நிறுவனம் கொடுத்த ரவுட்டரிலேயே அது முன்கூட்டிப் பதிந்து வந்திருக்கும். அதனால் அப்படி ஒரு எண் இருப்பதே நமக்குத் தெரியாமல் போய்விடுகிறது. அதுதான் விலேன் எண்.

அந்த எண் என்ன செய்கிறது?

ரவுட்டர் எதை அனுப்பினாலும் அதைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாக்கித்தான் அனுப்பும். இவற்றை ஃபிரேம் என்பார்கள். ஒவ்வொரு ஃபிரேமின் தலைப்பகுதியிலும் யாருக்குப் போகிறது, யாரிடமிருந்து வருகிறது என்ற இரண்டு முகவரிகள் இருக்கும். விலேன் டேக் என்பது இந்த இரண்டு முகவரிகளுக்கு அடுத்தபடியாகச் செருகப்படும் 4 பைட் சேர்க்கை. அதில் முதல் இரண்டு பைட் "இங்கே ஒரு டேக் இருக்கிறது" என்று அடையாளம் காட்டுகிறது. மீதியில் 12 பிட்டுகள் எண்ணுக்காக ஒதுக்கப்பட்டவை. 12 பிட்டில் 0 முதல் 4095 வரை எழுதலாம். இரு முனைகளிலும் உள்ள 0, 4095 இரண்டையும் நீக்கினால் 1 முதல் 4094 வரை பயன்படுத்தலாம். ரவுட்டரின் திரையில் `802.1Q` என்று ஏதாவது கண்ணில் பட்டால் அது இந்த டேக்கைப் பற்றியதுதான். அந்தத் தரநிலையின் பெயர் அது.

இணைய நிறுவனத்துக்கு இது எதற்கு? உங்கள் வீட்டுக்கு வருவது ஒரே ஒரு ஃபைபர் இழை. அதன் வழியாக இணையமும் வர வேண்டும், தொலைக்காட்சியும் வர வேண்டும். தொலைக்காட்சிக்கு வேறு சர்வர்கள், வேறு வழித்தடம், தடங்கல் இல்லாமல் ஓட முன்னுரிமை. இரண்டும் ஒரே கம்பியில் கலந்து வந்தாலும் மறுமுனையில் பிரித்தெடுக்க முடிய வேண்டும். அதற்காக ஒவ்வொரு சேவைக்கும் ஒரு எண் கொடுத்துவிடுகிறார்கள். அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போகும் கடிதத்தில் தெருவும் ஊரும் சரியாக இருந்து வீட்டு எண் மட்டும் விடுபட்டால் எப்படி இருக்குமோ, டேக் இல்லாத ஃபிரேமின் நிலைமையும் அதுதான்.

இதற்கு மலேசியாவின் யூனிஃபை நல்ல எடுத்துக்காட்டு. தனி ஃபைபர் பெட்டியும் தனி ரவுட்டருமாக அமைந்த வீடுகளில் அங்கே இணையத்துக்கு 500, தொலைக்காட்சிக்கு 600 என்று நெடுங்காலமாக வழக்கம். ரவுட்டர்தான் இந்த எண்களைப் போட்டு அனுப்ப வேண்டும். நிறுவனம் கொடுத்த ரவுட்டரில் இவை ஏற்கனவே இருக்கும். கடையில் வாங்கிய ரவுட்டர் பெட்டியைத் திறக்கும்போது டேக் எதுவும் போடாத நிலையில்தான் இருக்கும்.

எண்ணுக்கென்று தனி மகிமை ஒன்றும் இல்லை. அந்தந்த நிறுவனம் தன் வசதிக்கு வைத்துக்கொண்டது, அவ்வளவுதான். ஜெர்மனியில் டாய்ச் டெலிகாம் 7 என்கிறது. நெதர்லாந்தில் கேபிஎன் 6. பிரான்ஸில் ஆரஞ்சு 832. சிங்கப்பூரில் சிங்டெல் 10. ஆகவே வேறு நாட்டிலோ வேறு நிறுவனத்திலோ இருக்கும் நண்பர் "எனக்கு இந்த எண்ணில் வேலை செய்தது" என்று சொன்னால் அது உங்களுக்கு உதவாது.

மறுப்பா, மௌனமா?

இந்தக் கோளாறை மற்றக் கோளாறுகளிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளம் ஒன்று உண்டு. அதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

யூனிஃபை போலப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் இணைப்புகளில் ரவுட்டர் பயன்படுத்தும் முறைக்குத் திரையில் `PPPoE` என்று பெயர் இருக்கும். அதில் ரவுட்டர் எடுத்த எடுப்பில் கடவுச்சொல்லை அனுப்பிவிடுவதில்லை. முதலில் "யாராவது இருக்கிறீர்களா?" என்று பொதுவாகக் கூவுகிறது. அந்தச் செய்திக்கு `PADI` என்று பெயர். மறுமுனையில் இருக்கும் நிறுவனத்தின் கருவி "நான் இருக்கிறேன்" என்று `PADO` அனுப்புகிறது. இன்னும் ஒரு சுற்று கேள்வி பதில் முடிந்த பிறகே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சரிபார்க்கப்படும்.

டேக் இல்லாமல் போகும் `PADI` என்ன ஆகிறது? உங்கள் வீட்டு ஃபைபர் பெட்டி வரை அது நன்றாகவே போய்ச் சேருகிறது. அங்கே ஒரு விதி எழுதப்பட்டிருக்கிறது: 500 என்ற டேக்குடன் வருபவை இந்தப் பாதையில், 600 என்ற டேக்குடன் வருபவை அந்தப் பாதையில். டேக்கே இல்லாத ஃபிரேமுக்கு எந்த விதியும் பொருந்தவில்லை. பெட்டி அதை அங்கேயே போட்டுவிடுகிறது. "இதை ஏற்க முடியாது" என்று திருப்பிச் சொல்லும் வழக்கம் ஈதர்நெட்டில் கிடையாது. எனவே ரவுட்டருக்கு எந்தப் பதிலும் வராது. அது மறுபடி மறுபடி கூவிக்கொண்டே இருக்கும்.

கடவுச்சொல் தவறாக இருந்தால் கதையே வேறு. மறுமுனை பேசும், பேசிவிட்டு மறுக்கும். விலேன் எண் தவறினால் மறுமுனையில் யாருமே இல்லாதது போல இருக்கும். ரவுட்டரின் சிஸ்டம் லாக் பக்கத்தைத் திறந்து பார்த்தால் இந்த வித்தியாசம் தெரிந்துவிடும். லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ரவுட்டர்களில் பெரும்பாலும் இந்த வரி இருக்கும்:

```
Timeout waiting for PADO packets
```

இது மௌனம். இதைப் பார்த்துவிட்டால் கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பதை நிறுத்திவிடலாம்; கடவுச்சொல் இன்னும் வீட்டை விட்டே கிளம்பவில்லை. மாறாக லாகில் `PAP authentication failed` என்றோ `CHAP authentication failed` என்றோ இருந்தால் விலேன் எண் சரி, பயனர் பெயரிலோ கடவுச்சொல்லிலோ பிழை என்று அர்த்தம். யூனிஃபையில் பயனர் பெயரின் கடைசியில் வரும் `@unifi` விடுபடுவது அடிக்கடி நடப்பது.

பயனர் பெயர் கேட்காத இணைப்புகளும் உண்டு. கேபிளைச் செருகினாலே ஐபி முகவரி தானாகக் கிடைக்கும் டிஹெச்சிபி முறை அது. அங்கேயும் இதே மௌனம்தான். ரவுட்டர் முகவரி கேட்டு `DISCOVER` அனுப்பும், `OFFER` திரும்பி வராது. இணைய நிலை காட்டும் பக்கத்தில் ஐபி முகவரி `0.0.0.0` என்றே நிற்கும்.

விளக்குகளைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஃபைபர் பெட்டியில் எரியும் விளக்குகள் இழையில் ஒளி வருகிறதா, நிறுவனத்தின் கருவியுடன் தொடர்பு இருக்கிறதா என்பதைச் சொல்கின்றன. ரவுட்டரின் இன்டர்நெட் போர்ட்டில் எரியும் விளக்கு, கேபிளின் இரு முனையிலும் மின்னிணைப்பு இருப்பதைச் சொல்கிறது. இரண்டும் உண்மையாகவே நன்றாக இருக்கின்றன. டேக்கைப் பற்றிச் சொல்லும் விளக்கு எந்தப் பெட்டியிலும் இல்லை. புது ரவுட்டரில் வரும் "தானாகக் கண்டுபிடி" பொத்தானும் உதவாது. அதுவும் டேக் இல்லாமல் கூவிப் பார்த்து, பதில் வராததால் "கேபிளைச் சரிபார்க்கவும்" என்று சொல்லிவிடும்.

ஒரு வீட்டில் செய்து பார்ப்போம்

கிள்ளானில் ஒரு வீடு. யூனிஃபை இணைப்பு, தனி ஃபைபர் பெட்டி, நிறுவனம் கொடுத்த பழைய ரவுட்டர், தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று. இப்போது கடையில் ஒரு டிபி-லிங்க் ரவுட்டர் வாங்கி வந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

பழைய ரவுட்டரைக் கழற்றும் முன்பே அதன் நிர்வாகப் பக்கத்துக்குள் போய், இணைய அமைப்பு இருக்கும் பக்கத்தையும் தொலைக்காட்சி அமைப்பு இருக்கும் பக்கத்தையும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். விலேன் எண், இணைப்பு முறை, பயனர் பெயர் மூன்றும் அதில் கிடைத்துவிடும். கடவுச்சொல் மட்டும் புள்ளிகளாக மறைந்திருக்கும். அது இணைப்பு எடுத்தபோது கொடுத்த தாளில் இருக்கும், இல்லாவிட்டால் நிறுவனத்திடம் கேட்டு வாங்க வேண்டும். பழைய ரவுட்டரைத் தொழிற்சாலை நிலைக்கு ரீசெட் செய்துவிடாதீர்கள். கடைசியில் எண்ணைத் தெரிந்துகொள்ள வேறு வழியே இல்லாமல் போய்விடலாம்.

அப்புறம் புது ரவுட்டரை மாட்டி, இணைப்பு முறையை `PPPoE` என்று வைத்துப் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுக்கிறோம். இணையம் வராது, வரக்கூடாதுதான். இப்போது விலேன் எண்ணை எங்கே போடுவது என்று தேட வேண்டும். புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். இன்டர்நெட் அமைப்பு பக்கத்தில் அப்படி ஒரு கட்டம் இருக்காது. டிபி-லிங்கில் அது `Advanced` பகுதியில் `Network` என்பதன் கீழ் `IPTV/VLAN` என்ற பக்கத்தில் ஒளிந்திருக்கிறது; பழைய மாடல்களில் வெறும் `IPTV` என்று இருக்கும். ஏசூஸ் ரவுட்டரில் `LAN` பக்கத்துக்குள் போய் `IPTV` என்ற தாவலைத் திறக்க வேண்டும். "எங்கள் வீட்டில் தொலைக்காட்சிச் சேவை இல்லையே, நமக்கு எதற்கு இது?" என்று அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். தொலைக்காட்சி இல்லாத வீட்டிலும் இணையத்துக்கான டேக் அங்கேதான் இருக்கிறது. இதை ரவுட்டர் செய்பவர்கள் இன்டர்நெட் பக்கத்திலேயே வைத்திருந்தால் எத்தனையோ பேருக்கு ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

அந்தப் பக்கத்தில் இயக்கி வைத்தபின் ஒரு பட்டியல் வரும். டிபி-லிங்கில் `Malaysia-Unifi` என்றும் ஏசூஸில் `Unifi-Home` என்றும் இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் 500, 600 இரண்டும் தாமாகவே அமைந்துவிடும். உங்கள் நிறுவனம் பட்டியலில் இல்லையென்றால் `Custom` அல்லது `Manual Setting` என்பதை எடுத்து, இணையத்துக்கான விலேன் எண் கட்டத்தில் எண்ணைக் கையால் போட வேண்டும். டிபி-லிங்கில் அருகில் `802.1Q Tag` என்று ஒரு தேர்வுக் கட்டம் இருக்கும். அதை இயக்காவிட்டால் எண்ணை மட்டும் எழுதி வைத்துப் பயனில்லை. முன்னுரிமை கேட்டால், நிறுவனம் வேறு எதுவும் சொல்லாதவரை 0 போதும். சேமித்ததும் ரவுட்டர் ஒருமுறை இணைப்பைப் புதிதாகத் தொடங்கும். லாகில் இப்போது `PADO` வந்திருக்கும், ஐபி முகவரியும் வந்துவிடும்.

ஒரு பக்கவிளைவும் உண்டு. இந்த அமைப்பு வந்ததும் லேன் போர்ட்களில் ஒன்று தொலைக்காட்சிப் பெட்டிக்கென்று ஒதுங்கிவிடும். எது என்பதை அதே பக்கம் காட்டும். அந்தப் போர்ட்டில் கணினியைச் செருகினால் 600ஆம் விலேனுக்குப் போய்விடும். கணினியில் மட்டும் இணையம் வராது. வைஃபை நன்றாக வருகிறது, கேபிளில் மட்டும் வரவில்லை என்றால் போர்ட்டை மாற்றிப் பாருங்கள்.

ஓபன்டபிள்யூஆர்டி என்ற மாற்று மென்பொருளைப் போட்ட ரவுட்டராக இருந்தால் இன்னும் நேரடியானது. போர்ட்டின் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து எண்ணை எழுதினால் போதும்:

```
config interface 'wan'
        option device 'wan.500'
        option proto 'pppoe'
        option username 'xxxx@unifi'
        option password 'xxxx'
```

சில பழைய ரவுட்டர்களில் போர்ட்டின் பெயர் `wan` என்று இல்லாமல் `eth0` அல்லது `eth1` என்று இருக்கும். அதைப் பார்த்துக்கொண்டு எழுத வேண்டும்.

எண் சரிதானா என்று லேப்டாப்பில் சோதிப்பது

புது ரவுட்டர்மீது இன்னும் சந்தேகம் தீரவில்லை என்றால் அதை முழுவதுமாக ஒதுக்கிவிட்டுச் சோதிக்கலாம். லினக்ஸ் உள்ள லேப்டாப்பை நேரே ஃபைபர் பெட்டியில் கேபிளால் இணைத்து, 500 என்ற டேக்குடன் ஒரு முறை கூவிப் பார்ப்பதுதான் சோதனை. `eth0` என்ற இடத்தில் உங்கள் லேப்டாப்பின் கேபிள் இணைப்பின் பெயர் வர வேண்டும்.

```
sudo ip link add link eth0 name eth0.500 type vlan id 500
sudo ip link set eth0 up
sudo ip link set eth0.500 up
sudo pppoe-discovery -I eth0.500
```

`Access-Concentrator:` என்று தொடங்கும் வரி வந்தால் மறுமுனை பதில் சொல்லிவிட்டது. எண் சரி, இழை சரி, ஃபைபர் பெட்டியும் சரி. இனி தேட வேண்டியது ரவுட்டரின் அமைப்புகளில் மட்டும். கடவுச்சொல் தெரியாதவர்களும் இதைச் செய்து பார்க்கலாம். இந்தக் கட்டத்தில் அது தேவையே இல்லை. முடிந்ததும் `sudo ip link del eth0.500` என்று கொடுத்துவிட்டால் லேப்டாப் பழைய நிலைக்கு வந்துவிடும். `PPPoE` இல்லாத இணைப்புகளில் கடைசி வரிக்குப் பதிலாக அந்த `eth0.500` வழியாக ஐபி முகவரி கேட்டுப் பார்க்க வேண்டும்.

ரவுட்டரில் அந்த வசதியே இல்லை என்றால்

மலிவான சில ரவுட்டர்களில் இன்டர்நெட் போர்ட்டுக்கு டேக் போடவே முடியாது. அதற்காக ரவுட்டரைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. விலேன் வசதி உள்ள ஐந்து போர்ட் மேனேஜ்ட் சுவிட்ச் ஒன்றை ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் நடுவில் வைக்கலாம். சுவிட்சில் 500 என்ற விலேனை உருவாக்கி, ஃபைபர் பெட்டி இருக்கும் போர்ட்டை அதில் `Tagged` என்றும், ரவுட்டர் இருக்கும் போர்ட்டை `Untagged` என்றும் வைக்க வேண்டும். ரவுட்டர் இருக்கும் போர்ட்டின் `PVID` எண்ணையும் 500 ஆக்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். `Untagged` என்பது வெளியே போகும்போது டேக்கைக் கழற்றுவது. `PVID` என்பது உள்ளே வரும்போது டேக்கைப் போடுவது. `PVID` மாறாமல் 1 ஆகவே இருந்தால் ரவுட்டர் கூவுவது 500க்குள் நுழையாமலே நின்றுவிடும். பழைய மௌனம் தொடரும். இந்த வேலைக்குச் சாதாரண சுவிட்ச் உதவாது. விலேன் அமைக்கும் பக்கம் அதில் இருக்க வேண்டும்.

டேக் சேர்வதால் வேகம் குறையுமோ, ஒரு ஃபிரேமில் அடங்கும் தரவின் உச்ச அளவான எம்டியூவைக் குறைக்க வேண்டுமோ என்று கவலைப்பட வேண்டாம். அந்த 4 பைட் ஃபிரேமின் தலைப்பகுதியில் கூடுதலாக இடம் பிடிக்கிறது. உள்ளே இருக்கும் தரவின் அளவு குறைவதில்லை. `PPPoE` இணைப்புகளில் 1492 என்று பார்ப்பது `PPPoE`யின் 8 பைட் தலைப்பால் வந்தது, விலேனால் அல்ல.

எண் சரியாக இருந்தும் வரவில்லை என்றால்

டேக்கை ரவுட்டர்தான் போட வேண்டும் என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. பல இணைப்புகளில் ஃபைபர் பெட்டியே டேக்கைப் போட்டுக்கொள்ளும். ரவுட்டர் வெறுமனே அனுப்பினால் போதும். அங்கே ரவுட்டரிலும் எண்ணைப் போட்டுவிட்டால் எதிர்பாராத டேக்குடன் வந்த ஃபிரேமைப் பெட்டி தள்ளிவிடும், மறுபடி மௌனம். ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் ஒரே கருவியாக இருக்கும் வீடுகளில் விலேன் எண் அந்தக் கருவிக்குள் இருக்கும். ரவுட்டரை மட்டும் மாற்றுவது என்ற பேச்சே இல்லை. அந்தக் கருவியையே மாற்றினால் எண்ணையும் புதிதாகப் போட்டாக வேண்டும்.

சில நிறுவனங்கள் எண்ணோடு நிறுத்துவதில்லை. பிரான்ஸின் ஆரஞ்சு இணைப்பில் 832 என்று போட்ட பிறகும் முகவரி கேட்கும் செய்தியில் சந்தாதாரரை அடையாளம் காட்டும் கூடுதல் விவரங்கள் இருந்தால்தான் பதில் வரும். இன்னும் சில இடங்களில் பழைய ரவுட்டரின் வன்பொருள் அடையாளமான மேக் முகவரியை மறுமுனை நினைவில் வைத்திருக்கும். ஃபைபர் பெட்டியை அணைத்துச் சில நிமிடம் கழித்துப் போட்டாலோ, புது ரவுட்டரில் பழைய மேக் முகவரியை `MAC Clone` மூலம் வைத்தாலோ சரியாகிவிடும்.

இவ்வளவும் செய்து பார்த்தும் வராவிட்டால் நிறுவனத்தைத்தான் அழைக்க வேண்டும். "இணையம் வரவில்லை" என்று மட்டும் சொன்னால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். "என் சொந்த ரவுட்டரை மாட்டுகிறேன். என் ஃபைபர் பெட்டியின் போர்ட்டில் இணையம் எந்த விலேன் எண்ணில் வருகிறது, டேக்குடன் வருகிறதா, டேக் இல்லாமல் வருகிறதா, `PPPoE`யா டிஹெச்சிபியா" என்று கேளுங்கள். முதலில் எடுப்பவருக்குத் தெரியாவிட்டால் தொழில்நுட்பப் பிரிவுக்கு மாற்றச் சொல்லுங்கள். அங்கே உங்கள் இணைப்பின் பதிவைத் திறந்தாலே இந்த விவரங்கள் இருக்கும்.